பங்காளர் விலகும்போது வாடிக்கையாளருக்கும் கடன்கொடுத்தோருக்கும் எழுத வேண்டிய கடிதம்: முழுமையான வழிகாட்டி

பங்குக் கடையிலிருந்து விலகுபவர்கள் பெரும்பாலும் கணக்குத் தீர்ப்பதில்தான் முழுக் கவனத்தையும் வைக்கிறார்கள். முதல் எவ்வளவு, இலாபத்தில் பங்கு எவ்வளவு, கடைச் சாமான் மதிப்பு எவ்வளவு என்று பேசி முடித்து, நொத்தாரிசு முன் கையொப்பமும் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அது பங்காளர்களுக்கு இடையிலான வேலை மட்டும்தான். புறக்கோட்டை மொத்த வியாபாரிக்கும், வங்கிக்கும், தோட்டத்து வாடிக்கையாளருக்கும் அந்தப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. அவர்களைப் பொறுத்தவரை நீங்கள் இன்னும் பங்காளர்தான். அதை மாற்றுவது கடிதம் ஒன்றுதான். அதுவும் யார் கைக்குப் போய்ச் சேர்ந்ததோ அவரைப் பொறுத்தவரை மட்டும்.

ஹட்டனில் மூன்று பேர் சேர்ந்து நடத்தும் பலசரக்குக் கடையை எடுத்துக்கொள்வோம். சில்லறையும் உண்டு, சுற்றுவட்டாரத் தோட்டக் கடைகளுக்கு மொத்த விற்பனையும் உண்டு. மூத்த பங்காளர் மார்ச் 31ஆம் திகதியுடன் இளைப்பாறுகிறார், மற்ற இருவரும் அதே பெயரில் தொடரப் போகிறார்கள். கடிதம் எப்படி எழுதப்பட வேண்டும், யாருக்கு, எப்போது, எந்த வழியில் போக வேண்டும் என்பதை இந்தக் கடையை வைத்தே பார்க்கலாம்.

எந்தச் சட்டம்

இலங்கையில் பங்குடைமைக்குப் பொருந்துவது ஆங்கிலச் சட்டம். 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் குடியியல் சட்டக் கட்டளைச் சட்டம் அப்படி வைத்திருக்கிறது. ஆகவே இங்கிலாந்தின் 1890ஆம் ஆண்டுப் பங்குடைமைச் சட்டம்தான் ஹட்டன் கடைக்கும் அளவுகோல். அதில் இந்தக் கடிதத்துக்கு வேண்டியவை இரண்டு பிரிவுகள்.

17ஆம் பிரிவின்படி, விலகுவதால் மட்டும் பழைய கடன் உங்களை விட்டுப் போகாது. மார்ச் 31 வரை கடை பட்ட கடனுக்கு நீங்களும் பொறுப்பு. மற்றப் பங்காளர்கள் "நாங்கள் கட்டுகிறோம்" என்று உங்களுக்கு எழுதித் தந்திருந்தாலும், கடன்கொடுத்தவர் உங்களிடம் கேட்கலாம். நீங்கள் கட்டிவிட்டு அந்த எழுத்தைக் காட்டி மற்றவர்களிடம் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். கடன்கொடுத்தவரும், தொடரும் பங்காளர்களும், நீங்களும் மூவருமாக ஒப்புக்கொண்டால் மட்டுமே அந்தக் கடனிலிருந்து விடுதலை.

36ஆம் பிரிவு எதிர்காலத்தைப் பற்றியது. கடையோடு முன்பு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தவர், நீங்கள் விலகிய செய்தி தனக்குக் கிடைக்கும்வரை உங்களைப் பங்காளராகவே கருதலாம். நீங்கள் விலகிய பிறகு அவர் கொடுத்த கடனையும் உங்களிடம் கேட்கலாம். கடிதம் தடுப்பது இதைத்தான். கடந்த காலத்துக் கடனை அது தொடாது. விலகல் கடிதத்தில் "இனி எனக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது" என்று மொட்டையாக எழுதுபவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். பழைய கடனுக்கு அந்த வரி செல்லாது. படிக்கும் மொத்த வியாபாரிக்குச் சந்தேகம் வருவதுதான் மிச்சம்.

எழுத்தில் ஒப்பந்தமே இல்லாமல் நடக்கும் பங்குக் கடைகள் மலையகத்தில் ஏராளம். பத்திரம் இல்லையே, எப்படிப் பங்காளர் என்று சொல்வார்கள் என்று யாரும் நிம்மதியாக இருக்க வேண்டாம். முதல் 1,000 ரூபாவுக்கு மேற்பட்டால் பங்குடைமை எழுத்தில் இருக்க வேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. ஆனால் வெளியார் வழக்குப் போடும்போது, நீங்கள் பங்காளர்போல் நடந்துகொண்ட சூழ்நிலைகளைக் காட்டியே அதை நிரூபிக்க அதே சட்டம் இடம் விட்டிருக்கிறது. பத்திரம் இல்லாதவருக்குத்தான் கடிதம் இன்னும் அவசியம், ஏனென்றால் விலகியதைக் காட்ட அவரிடம் வேறு எழுத்தே இருக்காது.

யாருக்கெல்லாம் அனுப்புவது

பிழை அதிகம் நடக்கும் இடம் இது. பட்டியல் போட உட்காரும்போது எல்லோரும் எடுப்பது கடன் நிலுவைப் பட்டியலைத்தான். யாருக்குப் பணம் கொடுக்க இருக்கிறதோ அவர்களுக்கு மட்டும் கடிதம் போகிறது. ஆனால் உண்மையில் ஆபத்தானவர் மீதியே இல்லாத பழைய விநியோகத்தர். இரண்டு வருடத்துக்கு முன் கடைசியாகச் சீனி தந்து, முழுப் பணமும் வாங்கிவிட்டவர். நிலுவைப் பட்டியலில் அவர் பெயர் இருக்காது. மே மாதம் தொடரும் பங்காளர் அவரைக் கூப்பிட்டு 10 மூடை பருப்புக் கேட்டால், "பெரியவர் இருக்கிற கடைதானே" என்று கடனுக்கு ஏற்றிவிடுவார். அவருக்கு உங்கள் செய்தி கிடைக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை நீங்கள் இன்னும் பங்காளர்.

ஆகவே பட்டியலை மீதியிலிருந்து தொடங்கக் கூடாது. கொள்வனவுப் புத்தகத்திலும் காசோலைக் கட்டைகளிலும் உள்ள பெயர்களை ஒன்றுவிடாமல் எடுத்து எழுத வேண்டும். புத்தகங்கள் எவ்வளவு தூரம் பின்னால் போகின்றனவோ அவ்வளவு தூரம் போவது நல்லது, குறைந்தது ஆறு வருடம். விற்பனைப் பிரதிநிதி மாறியிருந்தாலும் கம்பனியின் தலைமை அலுவலக விலாசத்துக்கே கடிதம் போக வேண்டும். வேனில் வரும் பையனிடம் வாயால் சொன்னது, கம்பனிக்குச் சொன்னதாக எடுபடும் என்று நம்பி இருக்க முடியாது.

வாடிக்கையாளர் பட்டியலையும் ஒருமுறை கடன்கொடுத்தோர் கண்ணோடு பார்க்க வேண்டும். தோட்டக் கடைக்காரர் ஒருவர் சித்திரைப் புத்தாண்டுக்கு என்று 50,000 ரூபா முற்பணம் தந்திருந்தால், அவர் வாடிக்கையாளர் என்று நீங்கள் நினைத்தாலும் மார்ச் 31 அன்று அவர் கடன்கொடுத்தவர். அவருக்கு நீளமான கடிதம் போக வேண்டும், சுருக்கக் கடிதம் போதாது.

கடையோடு இதுவரை தொடர்பே இல்லாத புதியவர்களைத் தேடித் தேடி அறிவிக்க முடியாது. அவர்களுக்காகத்தான் பத்திரிகை விளம்பரம். சட்டத்தின் 36ஆம் பிரிவு அரச வர்த்தமானி அறிவித்தலைப் பற்றிப் பேசுகிறது. அதில் எழுதியிருப்பது இலண்டன் வர்த்தமானி. இங்கே அதற்கு ஈடாக இலங்கை வர்த்தமானியிலும், ஒரு தமிழ் நாளிதழிலும், ஒரு சிங்கள அல்லது ஆங்கில நாளிதழிலும் போடுவது பாதுகாப்பானது. ஆனால் விளம்பரம் பழைய தொடர்புக்காரருக்குக் கடிதமாகிவிடாது. "வீரகேசரியில் போட்டேனே" என்பது, அந்தப் பக்கத்தை அவர் பார்த்தார் என்று நிரூபித்தால் மட்டுமே அவரிடம் செல்லும்.

எப்போது அனுப்புவது

கடிதத்தில் போட்ட திகதி உங்களைக் காப்பாற்றாது. கிடைத்த திகதிதான் காப்பாற்றும். மார்ச் 31 என்று எழுதிய கடிதம் ஏப்ரல் 9 அன்று போய்ச் சேர்ந்தால், இடைப்பட்ட ஒன்பது நாட்களில் கொடுத்த கடன் உங்கள் தலையிலும் விழும்.

நிதியாண்டு மார்ச் 31இல் முடிவதால் கணக்காளர்கள் அந்தத் திகதியைத்தான் விரும்புவார்கள். வரிக் கணக்குக்கு அது வசதி. பலசரக்குக் கடைக்கோ வருடத்தில் கடன் மிக அதிகமாக ஏறும் நேரங்களில் ஒன்று அது. ஏப்ரல் 14 புத்தாண்டுக்காக மார்ச் கடைசி வாரத்திலும் ஏப்ரல் முதல் வாரத்திலும் லொறி லொறியாகச் சாமான் ஏறும். விலகும் திகதிக்கு 10 முதல் 14 நாட்களுக்கு முன் கடிதம் கைக்குப் போய்ச் சேர்வது நல்லது. பெரிய தொகை கொடுக்க இருக்கும் நான்கைந்து பேருக்குத் தபாலை நம்பாமல் நேரில் போவது இன்னும் நல்லது. அதற்கும் மிக முன்னதாகச் சொன்னால், புத்தாண்டுச் சரக்கைக் கடனுக்குத் தர மொத்த வியாபாரி தயங்குவார், தொடரும் பங்காளர்கள் உங்கள்மேல் கோபப்படுவார்கள். இரண்டுக்கும் நடுவில் இரண்டு வாரம் சரியான அளவு.

அதற்கு முன்பே உள்வீட்டு வேலை முடிந்திருக்க வேண்டும். பங்குடைமைப் பத்திரம் கேட்கும் விலகல் அறிவித்தல் கொடுக்கப்பட்டு, அதன் காலமும் முடிய வேண்டும். அதற்கு முன் வெளியாருக்குக் கடிதம் போனால், தொடருபவர்கள் "அவர் விலகவில்லை, நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை" என்று பதில் எழுதும் நிலை வரும். பங்காளர் இருவரே என்றால் கடிதத்தின் வாசகமே மாறும். ஒருவர் விலகியதும் பங்குடைமை கலைந்து, மற்றவர் தனி வியாபாரி ஆகிறார். அப்போது "விலகுகிறேன்" என்பதோடு "பங்குடைமை கலைகிறது, வியாபாரத்தை இனி இன்னார் தனியே நடத்துவார்" என்றும் எழுத வேண்டும்.

கடன்கொடுத்தோருக்கான கடிதம்

கீழே உள்ளது அப்படியே எடுத்து நிரப்பக்கூடிய வாசகம்.

> பதிவுத் தபாலில்
>
> திகதி: ........
>
> ........ அவர்களுக்கு,
>
> பங்குடைமையிலிருந்து விலகல்: 20.. மார்ச் 31
>
> ஐயா / அம்மணி,
>
> ஹட்டன், ........ வீதி, இல. .... இல் "........" என்ற பெயரில் (வணிகப் பெயர்ப் பதிவு இலக்கம் ........) நடைபெறும் பங்குடைமையில் பங்காளராக இருக்கும் ........ ஆகிய நான், 20.. மார்ச் 31ஆம் திகதி வியாபார முடிவுடன் அதிலிருந்து விலகுகிறேன்.
>
> அத்திகதியின் பின் அந்தக் கடையின் பெயரில் செய்யப்படும் கொள்வனவு, பெறப்படும் கடன், வழங்கப்படும் காசோலை, கொடுக்கப்படும் உத்தரவாதம் எதற்கும் நான் பொறுப்பாளியல்லேன். கடைக்காகச் சாமான் கேட்கவோ, பணம் பெறவோ, கையொப்பமிடவோ எனக்கு அதிகாரம் இராது. என் பெயரைச் சொல்லி எவரும் கடன் கேட்க நான் சம்மதிக்கவில்லை.
>
> வியாபாரத்தை ........, ........ ஆகிய இருவரும் அதே இடத்தில் அதே பெயரில் தொடர்ந்து நடத்துவர். மார்ச் 31 வரையான கடன்களைக் கடையிலிருந்து தீர்க்க அவர்கள் ஒப்புக்கொண்டுள்ளனர்.
>
> தங்கள் புத்தகத்திலுள்ள கடையின் கணக்கை மார்ச் 31உடன் முடித்து, அதன் கூற்றை எங்களுக்கு அனுப்பிவைக்கவும். ஏப்ரல் 1 முதலான விநியோகத்தைத் தொடரும் பங்காளர்களின் பெயரில் புதிய கணக்கில் எழுதவும். பழைய கணக்குத் தீரும்வரை கடை செலுத்தும் பணத்தைப் பழைய கணக்கிலேயே வரவு வைக்கவும்.
>
> இக்கடிதம் கிடைத்ததை இணைத்துள்ள பிரதியில் கையொப்பமிட்டு, திகதியும் முத்திரையும் இட்டுத் திருப்பி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்.
>
> விலகும் பங்காளர்: கையொப்பம், முழுப் பெயர், வீட்டு விலாசம்
>
> தொடரும் பங்காளர்கள்: கையொப்பங்கள், முழுப் பெயர்கள்

மூவரும் கையொப்பமிட வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. பணத்தை எந்தக் கணக்கில் வைப்பது என்று சொல்லும் உரிமை பணம் கட்டுபவருடையது. இனிக் கட்டப்போகிறவர்கள் தொடரும் இருவர். அவர்கள் கையொப்பம் இல்லாவிட்டால் அந்த வரி வெறும் வேண்டுகோள்தான். அவர்கள் கையொப்பமிட மறுத்தாலும் கடிதத்தை நிறுத்த வேண்டாம். விலகலைப் பகிரங்கமாக அறிவிக்கும் உரிமையைச் சட்டத்தின் 37ஆம் பிரிவு தனி ஒருவருக்கும் தந்திருக்கிறது. கணக்கு பற்றிய பந்தியை "கேட்டுக்கொள்கிறேன்" என்று மாற்றித் தனியே அனுப்புங்கள்.

வீட்டு விலாசம் கேட்பதற்கும் காரணம் உண்டு. இனி உங்களுக்கு வரும் கடிதம் கடைக்கு வந்தால், அது உங்கள் கைக்கு வராமலே போகலாம்.

மீதித் தொகையை இந்தக் கடிதத்தில் எழுதாமல் விட்டிருப்பதும் வேண்டுமென்றே. 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, விற்றுக் கொடுத்த சாமானின் விலைக்கு எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் ஒரு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். எழுத்து ஒப்பந்தத்துக்கும் கைமாற்றுப் பத்திரத்துக்கும் ஆறு வருடம். "தங்களுக்கு 3 இலட்சம் தர இருக்கிறோம்" என்று நீங்கள் கையொப்பமிட்டால், அது கடனை ஒப்புக்கொண்ட எழுத்தாகி, முடியப் போகும் காலம் மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கும். மீதியை உறுதிப்படுத்தத்தான் வேண்டும். அதை மொத்த வியாபாரியின் கணக்குக் கூற்றிலிருந்து எடுத்து, கடையின் புத்தகத்தோடு ஒப்பிட்டு, தொடருபவர்கள் தனியாக உறுதி செய்யட்டும்.

பணத்தைப் பழைய கணக்கில் வைக்கச் சொல்லும் வரி ஏன்: ஒரு கணக்கு

ஹட்டன் கடை, நாலாம் குறுக்குத் தெரு மொத்த வியாபாரி ஒருவருக்கு மார்ச் 31 அன்று 840,000 ரூபா கொடுக்க இருக்கிறது. தபால் தாமதமாகிக் கடிதம் அவருக்கு ஏப்ரல் 9 அன்று கிடைக்கிறது. அதற்கு முன், ஏப்ரல் 3 அன்று, 260,000 ரூபாவுக்குச் சாமான் கடனில் வந்தது. கடிதம் கிடைத்த பிறகு, ஏப்ரல் 15 அன்று, இன்னும் 400,000 ரூபாவுக்கு வந்தது. ஏப்ரல் 25 அன்று கடை 500,000 ரூபா கட்டியது. மே மாதம் கடை படுத்துவிட்டது. விலகியவரிடம் மொத்த வியாபாரி எவ்வளவு கேட்கலாம்?

840,000 பழைய கடன், அதற்குப் பொறுப்பு உண்டு. ஏப்ரல் 3இல் வந்த 260,000 விலகிய பிறகு வந்ததுதான், ஆனால் செய்தி அவருக்குக் கிடைப்பதற்கு முன் வந்தது. அதற்கும் பொறுப்பு உண்டு. 400,000 செய்தி கிடைத்த பிறகு வந்தது, பொறுப்பு இல்லை. ஆக 1,100,000.

இனி அந்த 500,000 எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. ஓடும் கணக்கில் யாரும் எதுவும் சொல்லாவிட்டால், கட்டிய பணம் மிகப் பழைய கடனிலிருந்து கழியும் என்பது 1816இல் கிளேட்டன் வழக்கில் இங்கிலாந்தில் வகுத்த விதி. அதுவும் ஒரு பங்குடைமையில் பங்காளர் இறந்ததைத் தொடர்ந்து எழுந்த வழக்குத்தான். அந்த விதிப்படி 1,100,000இலிருந்து 500,000 கழிந்து, விலகியவர் தலையில் 600,000 மிஞ்சும். ஆனால் கட்டும்போது தொடரும் பங்காளர் "இது 15ஆம் திகதி பில்லுக்கு" என்று சொல்லிவிட்டாலோ, அவர் எதுவும் சொல்லாதபோது மொத்த வியாபாரி அதைப் புதிய பில்லில் வரவு வைத்து அறிவித்துவிட்டாலோ, அந்த விதிக்கு வேலை இல்லை. 400,000 புதிய பில்லுக்குப் போய், மீதி 100,000 மட்டும் பழையதில் கழியும். விலகியவர் தலையில் 1,000,000. கடிதத்தில் ஒரு வரி இருப்பதற்கும் இல்லாததற்கும் இடையில் 400,000 ரூபா.

புதிய கணக்கு திறக்கும்படி கேட்பதாலேயே ஓர் ஆபத்தும் வருகிறது. இரண்டு கணக்கு ஆனவுடன் "பழையதிலிருந்து முதலில் கழியும்" என்ற விதி தானாக வேலை செய்யாது. அதனால்தான் கணக்கைப் பிரிக்கச் சொல்லும் வரியும், பணத்தைப் பழையதில் வைக்கச் சொல்லும் வரியும் எப்போதும் சேர்ந்தே வர வேண்டும். ஒன்றை வைத்து மற்றதை வெட்டக் கூடாது.

மார்ச் 28இல் ஓடர் போட்டு உறுதி செய்து, ஏப்ரலில் வந்த சரக்கையும் கவனியுங்கள். அது விலகுமுன் செய்த ஒப்பந்தம். கடிதம் எவ்வளவு சீக்கிரம் போனாலும் அதற்குப் பொறுப்பு இருக்கும். மார்ச் கடைசியில் போட்ட ஓடர்களின் பட்டியலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய கடனிலிருந்து முழுதாக விடுபட

இதற்கு வேறு கடிதம் வேண்டும், கடன்கொடுத்தவரின் கையொப்பமும் வேண்டும். வாசகம் சுருக்கமானது: "20.. மார்ச் 31 வரையான ........ ரூபா கடனுக்குத் தொடரும் பங்காளர்களான ........, ........ ஆகியோரை மட்டுமே பொறுப்பாளிகளாக ஏற்றுக்கொண்டு, ........ அவர்களை அக்கடனிலிருந்து விடுவிக்கிறோம்." கடன்கொடுத்தவர், தொடருபவர்கள், விலகுபவர் எல்லோரும் கையொப்பமிட வேண்டும். சும்மா கேட்டால் தரமாட்டார்கள். பழைய மீதியில் ஒரு பகுதியை மார்ச் 31க்கு முன் கட்டி, மீதிக்குத் தொடருபவர்களின் திகதியிட்ட காசோலைகளைக் கொடுத்தால் பலர் ஒப்புக்கொள்வார்கள். பெரிய இரண்டு மூன்று பேரிடம் மட்டும் இதை முயன்றால் போதும்.

வாடிக்கையாளருக்கான கடிதம்

இது குட்டையாக இருக்க வேண்டும். வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டியது, இனி யாரிடம் பணம் கொடுப்பது, முற்பணம் என்ன ஆகும், கொப்பிக் கணக்கு தொடருமா என்பதுதான்.

> எமது கடையின் பங்காளர் ........ அவர்கள் 20.. மார்ச் 31உடன் விலகுகிறார். கடையை ........, ........ ஆகியோர் தொடர்ந்து நடத்துவர். ஏப்ரல் 1 முதல் கடைக்குரிய பணத்தைக் கடையிலோ, கடையின் பெயரிலுள்ள ........ வங்கிக் கணக்கிலோ மட்டும் செலுத்தி, கடையின் பற்றுச்சீட்டைப் பெற்றுக்கொள்ளவும். அவருடைய தனிப்பட்ட கணக்குக்கு அனுப்ப வேண்டாம். தங்கள் கொப்பியிலுள்ள மீதியும், தந்துள்ள முற்பணமும் அப்படியே கடையில் தொடரும்.

தனிப்பட்ட வங்கிக் கணக்கு பற்றிய வரி அவசியம். பல கடைகளில் பெரியவரின் சொந்தக் கணக்கு இலக்கம்தான் வருடக்கணக்காக வாடிக்கையாளர்களின் தொலைபேசியில் கிடக்கும். விலகிய பிறகும் அதில் பணம் விழுந்தால், அடுத்த சண்டை பங்காளர்களுக்குள்ளேயே வரும்.

லயத்து வாடிக்கையாளர்களுக்குப் பதிவுத் தபால் சரிவராது. லயன் வீடுகளுக்குத் தனித்தனி விலாசம் இல்லாத தோட்டங்களில், தபால் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து யார் மூலமாகவோ போகும். எப்போது போனது என்று காட்ட முடியாது. அவர்கள் சம்பள நாளில் கணக்குத் தீர்க்கக் கொப்பியோடு கடைக்கு வருவார்கள். அச்சிட்ட துண்டை அப்போதே கொப்பியின் உள்ளட்டையில் ஒட்டி, கடையின் பேரேட்டில் பெயர், டிவிஷன், திகதி எழுதி அவர்களின் கையொப்பம் வாங்குங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி, அப்படிச் செய்ததாக எழுதிக் கைநாட்டு எடுத்துக்கொள்ளலாம். முற்பணம் தந்தவர்களின் பெயருக்கு நேரே தொகையையும் எழுதுங்கள்.

கொண்டு சேர்ப்பதும் ஆதாரமும்

உள்ளூர்க்காரருக்குக் கையால் கொடுத்து, பிரதியில் கையொப்பம், பெயர், திகதி, கடை முத்திரை வாங்குவதே மிகச் சிறந்தது. கொழும்புக்குப் பதிவுத் தபால், கிடைத்ததை உறுதிப்படுத்தும் அட்டையோடு. பற்றுச்சீட்டை அந்தந்தக் கடிதத்தின் பிரதியிலேயே ஒட்டிவிடுங்கள். தனிப் பெட்டியில் போட்ட பற்றுச்சீட்டு எந்தக் கடிதத்துக்கு உரியது என்று மூன்று வருடம் கழித்து யாருக்கும் தெரியாது. சிங்கள வியாபாரிகளுக்குச் சிங்களத்திலும், வங்கிக்கும் கம்பனிகளுக்கும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். வட்சப்பில் அனுப்புவது துணைக்கு நல்லதுதான், கடிதத்துக்குப் பதிலாக அல்ல.

பெரிய வியாபாரிக்குக் கடிதம் போகும் முன் ஒரு தொலைபேசி அழைப்பு மரியாதை. "முதலாளி, முப்பத்தொண்ணோட நான் கடையில பங்குல இருந்து வெலகுறேன். தம்பிமார் ரெண்டு பேரும் நடத்துவாங்க. கடிதம் வரும், பாத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க." இவ்வளவு போதும். அவர் மறுமுனையில் "நீங்க இருக்கிறீங்கதானே, பயமில்ல" என்று சொல்வார். அதற்கு "ஓம், நான் பாத்துக்கிறேன்" என்று பதில் சொல்லிவிட்டால், கடிதம் கட்டிய வேலியை நீங்களே பிடுங்கிவிடுகிறீர்கள். "தம்பிமார் பாத்துக்குவாங்க" என்பதே சரியான பதில். அதே காரணத்துக்காக, "தொடர்ந்து ஆலோசகராக இருப்பேன்", "என் ஆசியோடு கடை நடக்கும்" போன்ற வரிகளையும் கடிதத்தில் சேர்க்க வேண்டாம். விலகும் காரணத்தையும் எழுத வேண்டியதில்லை. "உடல்நலம்" என்று எழுதினாலும் கடைக்கு ஏதோ கெட்டது நடந்துவிட்டது என்றுதான் படிப்பார்கள்.

கடிதத்தோடு மாற வேண்டியவை

கடிதம் போய், பெயர்ப் பலகையிலும் பில் புத்தகத்திலும் உங்கள் பெயர் அப்படியே இருந்தால் பிரச்சினை திரும்ப வரும். 1949இல் இங்கிலாந்தில் டவர் கெபினட் என்ற தளபாடக் கம்பனி தொடுத்த வழக்கில், விலகிய பங்காளர் இன்கிராமின் பெயர் உள்ள பழைய கடிதத் தாளில் தொடருபவர் ஓடரை உறுதி செய்திருந்தார். இன்கிராம் தப்பினார். அந்தத் தாள் பயன்படுவது அவருக்குத் தெரியாது, அந்தக் கம்பனிக்கும் அவர் விலகுமுன் அவரைப் பங்காளராகத் தெரியாது. இந்த இரண்டு காரணமும் ஒரே நகரில் கடையைத் தாண்டி நடந்து போகும் ஒருவருக்குக் கிடைக்காது. பலகையில் பெயர் இருப்பது தனக்குத் தெரியாது என்று அவர் எப்படிச் சொல்வார்? பழைய பில் புத்தகங்களையும் ரப்பர் முத்திரையையும் மார்ச் 31 மாலையே எடுத்துவிடச் சொல்லுங்கள். உங்கள் பெயரே கடையின் பெயர் என்றால், அதைத் தொடர விடுவதா என்பதை விலகல் ஒப்பந்தத்தில் தீர்மானியுங்கள். விட்டால், ஒவ்வொரு பில்லிலும் தொடரும் இருவரின் பெயரும் அச்சாக வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள்.

பிரதேச செயலகத்தில் வணிகப் பெயர்ப் பதிவில் பங்காளர் மாற்றத்தைப் பதிந்து, கடையில் மாட்டியிருக்கும் சான்றிதழை மாற்ற வேண்டும். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கும், ஊழியர் இருந்தால் ஊழியர் சேமலாப நிதிப் பிரிவுக்கும் தனித்தனியே எழுத வேண்டும். விலகும்வரை கட்டாத சேமலாப நிதி நிலுவையும் பழைய கடனில் ஒன்று. மார்ச் மாதக் கொடுப்பனவுப் பற்றுச்சீட்டின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.

வங்கிக்குக் கடிதம் மட்டும் போதாது. காசோலையில் கையொப்பமிடும் அதிகாரத்தை நீக்கும் படிவம் வேறு, நீங்கள் தனிப்பட்ட முறையில் கொடுத்த உத்தரவாதத்தை முடிக்கும் அறிவித்தல் வேறு. மேலதிகப்பற்றுக் கணக்கை விலகும் திகதியில் நிறுத்திப் புதிய கணக்கு திறக்கும்படி எழுத்தில் கேளுங்கள். உங்கள் வீட்டு உறுதி வங்கியில் ஈடாக இருந்தால், அதை மீட்காமல் விலகல் முழுமையாகாது. தொடருபவர்கள் வேறு ஈடு வைக்கும்வரை விலகும் திகதியைத் தள்ளிப்போடுவதே நல்லது. கையொப்பமிட்டு மேசையில் வைத்திருக்கும் வெற்றுக் காசோலைகளை எண்ணி வாங்கிக் கிழித்து, இலக்கங்களை வங்கிக்கு எழுதிக் கொடுங்கள்.

கடிதப் பிரதிகள், பற்றுச்சீட்டுகள், கொப்பிக் கையொப்பப் பேரேடு எல்லாம் ஒரே கோப்பில் உங்கள் வீட்டில் இருக்க வேண்டும், கடையில் அல்ல. எழுத்துக் கடனுக்கான ஆறு வருடமும் முடியும்வரை அதை வைத்திருங்கள். திரும்பி வந்த கடிதங்களையும் உறை பிரிக்காமல் அதே கோப்பில் போட்டு, அந்தப் பெயர்களுக்கு மட்டும் சரியான விலாசம் தேடி ஏப்ரல் முதல் வாரத்துக்குள் மறுபடி அனுப்புங்கள்.